வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கே இருக்கிறது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு போன் கடைக்குள் நுழைந்து ஒரு மாடலைக் கையில் எடுத்தால், முதலில் காதில் விழுவது பெரும்பாலும் முழு விலையாக இருக்காது. “மாசம் 2,000 ரூபாதான், வட்டியே கிடையாது” என்பார் விற்பனையாளர். கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஃபைனான்ஸ் நிறுவனத்துப் பையன் ஒருவர் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆதார் எண், ஓடிபி, ஒரு முகப்படம், வங்கிக் கணக்கு எண், இன்னொரு ஓடிபி. அரை மணி நேரத்தில் போன் கைக்கு வந்துவிடும். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நம் மாவட்டத்தில் சலுகைக் காலம் மூன்று முறை வருவதால் இந்தக் காட்சியும் மூன்று முறை சூடு பிடிக்கும்.

இதை வாங்கலாமா, இல்லை பணம் சேர்த்து மொத்தமாகக் கொடுத்து வாங்கலாமா என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் வரும். பெரியவர்கள் கடனே கூடாது என்பார்கள். இளையவர்கள் வட்டிதான் இல்லையே, அப்புறம் என்ன என்பார்கள். இரண்டு பேரும் ஒரு கணக்கைப் போடாமலே பேசுகிறார்கள். அந்தக் கணக்கு கடினமானதும் இல்லை. ஒரே ஒரு போனை எடுத்துக்கொண்டு கடைசி வரை போட்டுப் பார்த்துவிடலாம்.

போனின் விலை 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் சொல்லும் திட்டம் 12/4. இந்த மாதிரி எண்ணை ஃபைனான்ஸ்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள், நம்மிடம் விளக்குவது குறைவு. மொத்தம் 12 தவணை, அதில் 4 தவணையை வாங்கும்போதே கட்ட வேண்டும் என்பது பொருள். ஒரு தவணை 2,000. ஆக முன்பணம் 8,000, மீதி 16,000 ரூபாயை எட்டு மாதத்தில் மாதம் 2,000 வீதம் கட்டுகிறோம். கூட்டிப் பார்த்தால் 24,000 சரியாக வருகிறது. வட்டி ஒரு ரூபாய்கூட இல்லை. இதோடு பிராசசிங் கட்டணம் என்று ஒன்று உண்டு. அது ஜிஎஸ்டி சேர்த்து 1,000 ரூபாய் என்று கொள்வோம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், சில சலுகைகளில் இல்லாமலும் இருக்கும்.

இப்போது கடைக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த 8,000 அவர் கையில் இருக்கிறது. மீதியை ஃபைனான்ஸ் நிறுவனம் ஒன்றிரண்டு நாளில் அவர் கணக்கில் போடும். ஆனால் 16,000 முழுதாக வராது. நம் உதாரணத்தில் 15,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடித்துக்கொண்ட அந்த 1,000 ரூபாய்தான் உங்களிடம் வாங்காத வட்டி. வியாபாரத்தில் இதை டீலர் பை-டவுன் என்பார்கள். வட்டியைக் கடைக்காரர் உங்கள் சார்பில் முன்கூட்டியே கட்டிவிடுகிறார். சில மாடல்களுக்கு இந்தத் தொகையைப் போன் தயாரிக்கும் நிறுவனமே ஏற்றுக்கொள்ளும், அப்போது அது மேனுஃபாக்சரர் பை-டவுன். எப்படியானாலும் யாரோ ஒருவர் வட்டி கட்டுகிறார். பணத்தை எட்டு மாதம் சும்மா தருகிற நிறுவனம் எதுவும் கிடையாது. இதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே இல்லை, கிரெடிட் கார்டு தவணைகளில் வட்டியைப் பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குகிறார்கள் என்பதுதான் அதன் சாரம்.

யார் கட்டுகிறார்கள் என்பது நமக்கு ஏன் முக்கியம்? தயாரிப்பாளர் கட்டினால் ரொக்கமாக வாங்குகிறவருக்கும் தவணையில் வாங்குகிறவருக்கும் கடையில் ஒரே விலைதான். கடைக்காரர் கட்டுகிறார் என்றால் கதை வேறு. தவணையில் விற்றால் அவர் கைக்கு 23,000தான் வருகிறது. அப்படியானால் 23,000 ரொக்கத்தை மேசையில் வைக்கிறவருக்கு அதே போனைக் கொடுப்பதில் அவருக்கு நஷ்டம் இல்லை. பணமும் அன்றைக்கே கிடைக்கிறது. அதனால்தான் கேட்டால் பல கடைகளில் குறைக்கிறார்கள். ரூபாயாகக் குறைக்காத கடைகூட கவர், டெம்பர்ட் கிளாஸ், இயர்பட்ஸ் என்று ஏதாவது சேர்த்துத் தரும்.

ஆனால் கேட்க வேண்டும். அதுவும் தவணைப் பேச்சை எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். “அண்ணாச்சி, முழுசா ரொக்கமா தந்தா எம்புட்டுக்குத் தருவிய?” என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். தவணைத் திட்டம் எல்லாம் பேசி முடித்து, பெயரைப் பதிந்த பிறகு கேட்டால் “ரெண்டுக்கும் ஒரே விலைதான்” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். செட்டிக்குளத்தில் ஒரு கடை, வடசேரியில் ஒரு கடை, திங்கள்சந்தையில் ஒரு கடை என்று மூன்று இடத்தில் ரொக்க விலையைக் கேட்டு, ஆன்லைன் விலையையும் பார்த்துவிட்டால் உண்மையான விலை எது என்று தெரிந்துவிடும். தவணை மலிவா, விலை அதிகமா என்று சொல்ல இந்த ஒரு எண் இல்லாமல் முடியாது.

சரி, ரொக்க விலை 23,000 என்று தெரிந்துவிட்டது. இப்போது தவணையில் வாங்கினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். முதல் நாள் கையிலிருந்து போவது முன்பணம் 8,000, கட்டணம் 1,000, ஆக 9,000. அன்றைக்கு அந்தப் போனின் உண்மையான விலை 23,000. அப்படியென்றால் நீங்கள் நிஜமாகக் கடன் வாங்கியது 14,000 ரூபாய்தான். காகிதத்தில் 16,000 என்று இருக்கும். திருப்பிக் கட்டுவதும் 16,000. எனவே 14,000 கடனுக்கு 2,000 ரூபாய் வட்டி.

எட்டு மாதத்துக்கு 2,000தானே, பெரிதில்லை என்று தோன்றலாம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 14,000 ரூபாய் எட்டு மாதமும் உங்களிடம் இருப்பதில்லை. மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். முதல் மாதம் 14,000 உங்களிடம் இருக்கிறது. அடுத்த மாதம் சுமார் 12,250, அப்புறம் 10,500 என்று குறைந்துகொண்டே போய்க் கடைசி மாதம் 1,750தான் மிச்சம். இந்த எட்டு மாதத்துத் தொகைகளையும் கூட்டினால் 63,000 வரும். அதாவது 63,000 ரூபாயை ஒரே ஒரு மாதம் வைத்திருந்ததற்குச் சமம். அதற்கு 2,000 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். நம் ஊர்ப் பேச்சில் ‘மூணு வட்டி’. ஆண்டுக்கணக்கில் துல்லியமாகப் போட்டால் சுமார் 37 சதவீதம்.

மூணு வட்டிக்கு வெளியில் பணம் வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். வங்கியில் நகையை வைத்தால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் வட்டி. அதே மூணு வட்டியை ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பெயரில் கொடுக்கும்போது யாரும் பதறுவதில்லை. வட்டி என்ற சொல் ரசீதில் எங்கேயும் இல்லாததுதான் காரணம்.

எல்லாத் தவணையும் இப்படி என்று சொல்லவில்லை. ரொக்கத்துக்குக் கடையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நம் கூடுதல் செலவு கட்டணம் 1,000 மட்டும். அதே முறையில் கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குக் கொஞ்சம் கீழே, ஆண்டுக்குச் சுமார் பதினேழரை சதவீதம். பெர்சனல் லோன் அளவுக்கு வருகிறது. கட்டணமும் இல்லை, ரொக்கத்துக்குக் குறைப்பும் இல்லை என்றால் அது நிஜமாகவே வட்டியில்லாத கடன். உங்கள் பங்கை வேறு யாரோ கட்டிவிட்டார்கள். மாத வருமானம் தவறாமல் வருகிறவர் அதைத் தாராளமாக எடுக்கலாம். கையில் முழுப் பணம் இருந்தால்கூட அதை வங்கியில் விட்டுவிட்டு இதை எடுப்பதில் தவறில்லை.

கிரெடிட் கார்டில் ஆன்லைனில் வாங்கும் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ கொஞ்சம் வேறு விதம். அதில் வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தருவார்கள். 24,000 ரூபாய் போனை ஆறு மாதத் தவணையில், ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் எடுத்தால் வட்டி சுமார் 1,016 ரூபாய் வரும், அது தள்ளுபடியில் கழிந்துவிடும். ஆனால் அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அந்த 183 ரூபாயை நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டணம் ஒன்றிரண்டு நூறு அதற்கு மேல். தொகை சிறியதுதான். அதே கார்டில் முழுப் பணமாகத் தேய்த்தால் தனித் தள்ளுபடி கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைக்குத் திரும்புவோம். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கிற சில்லறைக் கடன்களுக்கெல்லாம் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ என்ற முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துக்கு முன்பே அதைக் கேட்டு வாங்கலாம். வாட்ஸாப்பிலோ மெயிலிலோ அனுப்புகிறோம் என்றால் வந்த பிறகுதான் ஓடிபி சொல்வேன் என்று உட்கார்ந்துகொள்ளுங்கள். அதில் ‘ஏபிஆர்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டியோடு கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம் அது. நம் உதாரணத்தில் அங்கே சுமார் பதினேழரை என்று நிற்கும். கடைக்காரர் வட்டியில்லை என்று சொன்ன அதே கடனுக்கு, நிறுவனத்தின் தாளிலேயே பதினேழரை.

ஆனால் 37 என்று அந்தத் தாளில் வராது. ரொக்கத்துக்கு 1,000 குறைத்திருப்பார்கள் என்பது கடனுக்கு வெளியே நடந்த விஷயம், அது நிறுவனத்தின் கணக்கில் சேராது. அதனால்தான் தாளைப் படித்தால் மட்டும் போதாது, ரொக்க விலையைக் கேட்டால் மட்டும் போதாது, இரண்டும் வேண்டும் என்கிறேன்.

அந்தத் தாளில் இன்னொரு எண்ணையும் பாருங்கள், கடன் தொகை. போன் 24,000, முன்பணம் 8,000 என்றால் அங்கே 16,000 இருக்க வேண்டும். 17,499 என்று இருந்தால் நடுவில் ஏதோ ஏறியிருக்கிறது. திரை உடைந்தால் மாற்றித்தரும் காப்பீடு, கூடுதல் வாரண்டி, ‘இஎம்ஐ கார்டு’க்கான கட்டணம், இப்படி ஏதாவது ஒன்று. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கேட்காமலே சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்ல அதுதான் நேரம். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் கொடுக்கிற ஒப்புதலில், அதாவது இ-மேண்டேட்டில், அதிகபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும். தவணையைவிட அது அதிகமாக இருப்பது வழக்கம்தான். ஆனாலும் எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று ஒரு தடவை படித்துவிட்டு ஒப்புக்கொள்வது நல்லது. தவணை தவறினால் போனைப் பூட்டுகிற செயலி எதையும் போடுகிறீர்களா என்றும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது, மாதாமாதம் பணம் ஒழுங்காக வருகிறவருக்கான கணக்கு. நம் மாவட்டத்தில் பல குடும்பங்களின் வருமானம் அப்படி வருவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பருவத்தைப் பார்த்து வருகிற வருமானம் இங்கே அதிகம். தவணைத் தேதிக்குப் பருவம் கிடையாது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. இங்கே ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. போதாததற்குத் தை, மாசியை ஒட்டி ரப்பர் இலை உதிரும். பல தோட்டங்களில் சில வாரம் வெட்டே நின்றுவிடும். அவர் தீபாவளிச் சலுகையில் நம் 24,000 ரூபாய் போனை எடுக்கிறார். தவணை நவம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். நவம்பர், டிசம்பர், ஜனவரி எப்படியோ கட்டிவிடுகிறார். பிப்ரவரி 5ஆம் தேதி கணக்கில் 700 ரூபாய்தான் இருக்கிறது. நிறுவனம் 2,000 கேட்டு வங்கிக்கு அனுப்புகிறது, பணம் போதாமல் திரும்புகிறது. பவுன்ஸ்.

ஒரு பவுன்ஸுக்கு இரண்டு பக்கம் அபராதம். ஃபைனான்ஸ் நிறுவனம் ஒரு தொகை போடும், உங்கள் வங்கியும் தனியாக ஒன்று போடும். முன்னது 500, பின்னது 300 என்று வைத்தால் ஒரு தடவைக்கு 800. வங்கி அந்த 300ஐக் கணக்கில் மிச்சமிருந்த 700லிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து நிறுவனம் மறுபடி கேட்டு அனுப்பினால் வங்கியின் அபராதம் மறுபடியும் விழலாம். தாமதத்துக்கு அபராத வட்டி போட்டு அதை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி வாங்கும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023இல் வெளியிட்ட விதியால் தடுத்துவிட்டது. அது நல்ல மாற்றம். ஆனால் அபராதக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்க இன்னும் அனுமதி உண்டு. நம் பால்வெட்டுக்காரருக்குப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒவ்வொரு பவுன்ஸ் என்றால் 1,600. போன் விலை இப்போது 26,600 ஆகிவிட்டது. 23,000 ரூபாய் ரொக்கப் போனுக்கு.

கடலோரத்திலும் இதே கதைதான், மாதம் மட்டும் வேறு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகில் பங்குக்குப் போகிறவருக்கு இந்த நாட்களில் பங்கு வராது. தடைக்காலம் எப்போது என்று ஆண்டுதோறும் முன்கூட்டியே தெரியும். அப்படியிருந்தும் தவணை எடுக்கும்போது எட்டு மாதம் எங்கே போய் முடிகிறது என்று பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் குறைவு. முட்டத்துப் படகில் போகிறவர் செப்டம்பரில் எட்டு மாதத் தவணை தொடங்கினால் ஏப்ரலில் முடிந்துவிடும், பிரச்சினை இல்லை. அதே தவணையைக் கிறிஸ்துமஸுக்கு எடுத்தால் கடைசி இரண்டு மூன்று டியூ நேராகத் தடைக்காலத்தில் போய் உட்காரும்.

பவுன்ஸின் பாதிப்பு 800 ரூபாயோடு முடிவதும் இல்லை. தவறிய தவணை சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும். 2025 ஜனவரியிலிருந்து கடன் கொடுத்தவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டியிருப்பதால் சீக்கிரமே பதிவாகிவிடுகிறது. 2,000 ரூபாய்த் தவணை தவறியதும் பெரிய கடன் தவறியதும் அந்த அறிக்கையில் ஒரே மாதிரிக் கறைதான். பிறகு வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். இதை நினைத்துத்தான், மச்சினனுக்கோ சித்தப்பா மகனுக்கோ உங்கள் பெயரில் தவணை எடுத்துக் கொடுக்காதீர்கள் என்கிறேன். “நான் மாசாமாசம் தந்துருவேன்” என்று அவர் சொல்வது மனதாரச் சொல்வதாகவே இருக்கும். தவறினால் பதிவாவது உங்கள் பெயர். அவர் சேமித்து வாங்க நீங்கள் ஆயிரம் இரண்டாயிரம் கையில் கொடுத்து உதவுவது மேல்.

இனி சேமிப்புப் பக்கத்துக்கு வருவோம். அதே பால்வெட்டுக்காரர் தீபாவளியன்று கையிலிருந்த 9,000 ரூபாயைத் தொடாமல் வைக்கிறார். ரொக்க விலைக்கு இன்னும் 14,000 வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் 2,500 வீதம் போடுகிறார். ஜனவரியில் 2,000. பிப்ரவரியில் ஒன்றும் முடியவில்லை, மார்ச்சில் 500தான். மரம் தளிர்த்து வெட்டு தொடங்கியதும் ஏப்ரலிலும் மேயிலும் மறுபடி 2,500 வீதம், ஜூனில் 1,500. கூட்டிப் பாருங்கள், 14,000 சரியாக வருகிறது. தவணைக்காரர் கடைசி டியூ கட்டுகிற அதே ஜூன் மாதம் இவரும் போனோடு வெளியே வருகிறார். செலவு 23,000. பிப்ரவரியில் ஒன்றும் போடாததற்கு இவருக்கு எந்த அபராதமும் இல்லை. இரண்டு பேருக்கும் வருமானம் ஒன்றுதான். ஒருவரின் திட்டத்தில் மழைக்கும் இலை உதிர்வுக்கும் இடம் இருந்தது, மற்றவருடையதில் இல்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் 3,600 ரூபாய். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் இதில் கழிக்க வேண்டியதும் உண்டு. எட்டு மாதம் பழைய போனை ஓட்டியாக வேண்டும். அதற்குப் புதிய பேட்டரி போட்டு, விரிசல் விட்ட டிஸ்ப்ளேயும் மாற்றினால் 2,000 ரூபாய் போய்விடும். அப்போது மிச்சம் 1,600தான். போன் அடியோடு செத்துவிட்டதென்றால் காத்திருப்பதற்கு அர்த்தமே இல்லை. ஜிபே, போன்பே இல்லாமல் மீன் விற்கவோ ஆட்டோ ஓட்டவோ இன்றைக்குச் சிரமம். உணவு டெலிவரிக்குப் போகிறவருக்குப் போன் இல்லாத நாள் சம்பளம் இல்லாத நாள். அப்படிப்பட்டவர் தவணையில் எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடமும் ஒன்று கேட்பேன். முன்பணம், கட்டணம் என்று முதல் நாளே 9,000 கொடுக்கப்போகிறீர்களே, அந்த 9,000க்கே ஒரு போன் வருமே? யுபிஐ, வாட்ஸாப், மேப் எல்லாம் அதில் ஓடும். 24,000 ரூபாய் போனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருந்தால் விலை குறையும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. ஆண்ட்ராய்டு போன்களில் அடுத்த மாடல் வந்ததும் பழையதற்கு விலை இறங்குவது வழக்கம். ஐபோனுக்குச் செப்டம்பரில் புதியது வரும்போது முந்தையது இறங்கும். ஆனால் மெமரி சிப் விலை ஏறுகிற காலங்களில் போன் விலையும் ஏறத்தான் செய்யும். விலை இறங்கும் என்பதை நம்பி மட்டும் காத்திருக்க வேண்டாம், இறங்கினால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பின் உண்மையான பலவீனம் வேறு. பணம் நிற்காது. ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம், இதில் ஏதாவது ஒன்று அதைத் தின்றுவிடும். தவணையில் கட்டாயம் இருக்கிறது, சேமிப்பில் இல்லை. பலர் தவணையைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான், அதில் நியாயமும் இருக்கிறது. இதற்கு வழி, அன்றாடம் புழங்குகிற ஜிபே கணக்கிலிருந்து அந்தப் பணத்தைப் பிரித்துவைப்பது. மாதச் சம்பளக்காரருக்கு வங்கியில் ஓராண்டு ஆர்டி பொருத்தமானது. மாதம் 2,000 வீதம் ஆறரை சதவீத வட்டியில் போட்டால் பன்னிரண்டு மாத முடிவில் 24,000 அசலோடு சுமார் 850 ரூபாய் வட்டி சேரும். தபால் நிலைய ஆர்டியில் ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான் அபராதம். 2,000க்கு 20 ரூபாய். தவணை தவறினால் விழுகிற 800 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம், போன் வாங்கச் சரிப்படாது. கூலி வருகிற அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறவருக்கு, ஏடிஎம் கார்டோ யுபிஐயோ இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கே போதும். ஊர்ச் சீட்டில் சேருகிறவர்கள் பதிவு செய்த சீட்டா என்று பார்த்துச் சேருங்கள். ஏலத்தில் தள்ளி முன்கூட்டி எடுத்தால் அதுவும் ஒரு கடன்தான், கடைசி வரை இருந்து எடுத்தால்தான் சேமிப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தவணை நம்மை அதிகம் செலவழிக்க வைப்பது வட்டியால் மட்டும் இல்லை. 24,000 ரூபாய் போனைப் பார்க்க வந்தவரிடம் 32,000 ரூபாய் போனைக் காட்டி, “மாசம் 670 ரூபாதான் கூட” என்பார்கள். மாதக்கணக்கில் பார்த்தால் கை நீண்டுவிடும். அதே நபர் 24,000 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் இன்னொரு 8,000 எடுத்து வைக்க யோசிப்பார். வட்டி 2,000 என்று மேலே கணக்குப் போட்டோமே, அதைவிடப் பெரிய செலவு இந்த 8,000தான். எந்த மாடல், எவ்வளவு விலை என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்குத் தவணை அவ்வளவு ஆபத்தில்லை.

தவணையில் ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கும் செய்ய வேண்டியது உண்டு. டியூ தேதி உங்கள் சம்பளத் தேதிக்குப் பொருந்தவில்லை என்றால் முதல் தவணைக்கு முன்பே கேட்டுப் பாருங்கள், சில நிறுவனங்கள் மாற்றிக்கொடுக்கும். வருமானம் நிற்கிற மாதம் வரப்போகிறது என்றால் முந்தைய நல்ல மாதத்திலேயே அந்தத் தவணைக்கான பணத்தைக் கணக்கில் போட்டு வையுங்கள். பணம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், தேதிக்கு முன்பே நிறுவனத்தின் செயலியிலோ அலுவலகத்திலோ பேசிவிட்டு நேரடியாகக் கட்ட முடியுமா என்று பாருங்கள். கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்ததற்கான என்ஓசியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிச் செயலியில் அந்த மேண்டேட் இன்னும் உயிரோடு இருந்தால் ரத்து செய்யுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் இந்தக் கடன் ‘க்ளோஸ்ட்’ என்று வந்திருக்கிறதா, நிலுவை பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் என்ஓசியைக் காட்டி அந்த நிறுவனத்திடமும் அறிக்கை கொடுத்தவரிடமும் எழுத்தில் புகார் கொடுத்தால் திருத்துவார்கள்.